அழிக்கத் தெரியாத கிடங்குகள்: பேக்கப்பில் குப்பை பொறுக்கும் வரலாறு

பேக்கப் மென்பொருள்களின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. சேமிக்கிற வழியை எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அழிக்கிற வழியைக் கண்டுபிடிக்கத்தான் பல வருஷம் ஆயிருக்கிறது. சில நல்ல மென்பொருள்கள் அழிக்கவே தெரியாமல் வெளிவந்து, அப்படியே பல காலம் ஓடியிருக்கின்றன. பழைய பேக்கப்பைத் தூக்கிப்போடுவதில் அப்படி என்ன கஷ்டம்? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். நான் தினமும் பயன்படுத்துகிற ரெஸ்டிக்கை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒரே பிரதி, பல சொந்தக்காரர்கள்

பழைய காலத்து டேப் பேக்கப்பில் அழிப்பது ஒரு பிரச்சினையே இல்லை. திங்கட்கிழமை டேப் வேறு, செவ்வாய்க்கிழமை டேப் வேறு. திங்கள் டேப்பின் மேல் எழுதினால் செவ்வாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு டேப்பிலும் தொண்ணூறு சதவீதம் ஒரே சரக்குதான் இருக்கும். அந்த வீணடிப்பைத் தவிர்க்கத்தான் நகல் நீக்கும் பேக்கப் வந்தது. கோப்பைத் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் போடு, அதே ஹாஷ் ஏற்கெனவே கிடங்கில் இருந்தால் மறுபடி எழுதாதே. அவ்வளவுதான் யோசனை.

வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு 1 எம்பிக்கும் ஒரு வெட்டு என்று வைத்தால், கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் அதற்குப் பிந்தைய எல்லா வெட்டும் நகர்ந்துவிடும், எல்லாத் துண்டும் புதுசாகத் தெரியும். 2001ல் எம்ஐடியில் உருவான எல்பிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு இதற்கு ஒரு வழி காட்டியது. கோப்பின் மேல் ஒரு சின்னச் சாளரத்தை நகர்த்திக்கொண்டே போ, அதற்குள் தெரியும் பைட்டுகளின் கைரேகை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரும் இடத்தில் வெட்டு. கைரேகைக் கணக்கு மைக்கேல் ராபின் 1981ல் எழுதியது. வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிப்பதால், முன்னால் எதைச் சேர்த்தாலும் பின்னால் இருக்கிற வெட்டுகள் அதே இடத்தில்தான் விழும். ரெஸ்டிக் இதையே 64 பைட் சாளரத்தோடு செய்கிறது. துண்டு 512 கேபிக்குக் குறையாமல், 8 எம்பிக்கு மிகாமல், சராசரியாக 1 எம்பி அளவில் வரும்.

இதனால் இடம் ஏராளமாக மிச்சம். ஆனால் இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒரு வருஷத்து ஸ்னாப்ஷாட்கள் எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு துண்டு, கிடங்கில் ஒரே ஒரு பிரதியாகத்தான் கிடக்கும். அது தவறிப்போய் அழிந்தால் ஒரு நாள் பேக்கப் போகாது, அத்தனை நாள் பேக்கப்பும் சேர்ந்து போகும். அதுவும் சத்தமில்லாமல் போகும். திரும்ப எடுக்கப் போகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

அழிக்கவே மாட்டேன் என்றவர்கள்

2002ல் பெல் ஆய்வகத்தின் ஷான் குவின்லனும் ஷான் டார்வர்டும் வென்டி என்ற அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துண்டின் ஹாஷே துண்டின் முகவரி என்ற எண்ணத்தைக் கச்சிதமாகச் செய்துகாட்டிய வேலை அது. அதில் அழிப்பது என்ற செயலே கிடையாது, ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். அவர்களுடைய பிளான் 9 அமைப்பில் அதற்கு முன்பு தினசரி பிரதிகள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளித்தட்டுகளில்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பழக்கத்தை அப்படியே டிஸ்குக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்க் கொள்ளளவு வளர்கிற வேகத்துக்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். அழிக்க முடியாத இடத்தில் தவறுதலாகவும் அழிக்க முடியாது, விஷமத்தாலும் அழிக்க முடியாது.

2010ல் அவேரி பென்னரன் எழுதிய பப் என்ற கருவி வந்தது. கிட் பயன்படுத்துகிற பேக் கோப்பு வடிவத்தையே பேக்கப்புக்கு எடுத்துக்கொண்டது. ரொம்ப வேகம். ஆனால் பழைய பேக்கப்பை நீக்க வழி இல்லை, அதை ஒரு குறையாக அவர்களே ஆவணத்தில் எழுதிவைத்திருந்தார்கள். கிடங்கு நிறைந்தால் புதுக் கிடங்கு தொடங்க வேண்டியதுதான். பிறகு `bup gc` கட்டளை வந்தபோதுகூட `--unsafe` என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் ஓடும் என்று வைத்தார்கள். ஆபத்தான வேலை என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இது.

1960லேயே கிடைத்த இரண்டு விடைகள்

சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பிரச்சினைக்கு இரண்டு விடைகளும் 1960லேயே வந்துவிட்டன. ஆனால் அவை டிஸ்குக்காக வரவில்லை, கணினி நினைவகத்துக்காக வந்தவை. லிஸ்ப் மொழியில் ஒரே பட்டியலைப் பலர் பங்குபோட்டுக்கொள்வார்கள். யாருக்கும் வேண்டாம் என்று எப்போது தெரியும்? ஜான் மெக்கார்த்தி சொன்ன வழி, வேர்களிலிருந்து தொடங்கி எட்டுகிற எல்லாவற்றுக்கும் அடையாளம் போடு, அடையாளம் இல்லாததைப் பெருக்கித் தள்ளு என்பது. அதே வருஷம் ஜார்ஜ் காலின்ஸ் வேறு வழி சொன்னார்: ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வை, அது பூஜ்யம் ஆனால் விடுவி.

பேக்கப் உலகம் இரண்டையுமே முயன்று பார்த்தது. போர்க் 1.x பதிப்புகள் எண்ணிக்கை வழியில் போயின. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பயனாளிகள் என்று இயந்திரத்தின் உள்ளேயே ஒரு கணக்குப் புத்தகம். எண்ணிக்கையில் உள்ள சங்கடம் எளிது. நினைவகத்தில் கரன்ட் போனால் எல்லாமே போய்விடும், கணக்கும் போகும், புதுசாகத் தொடங்கலாம். டிஸ்கில் அப்படி இல்லை. எண்ணிக்கையைக் குறைத்த பிறகு, வேலை முடியும் முன் கரன்ட் போனால் கணக்கு ஒன்று சொல்லும், சரக்கு வேறொன்று சொல்லும். அதிகமாக எண்ணியிருந்தால் குப்பை தங்கும், பரவாயில்லை. குறைவாக எண்ணியிருந்தால் உயிருள்ள துண்டு செத்துப்போகும். அதனால் அந்தக் கணக்கைச் சந்தேகம் வரும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

2014ல் அலெக்ஸாண்டர் நோய்மன் தொடங்கிய ரெஸ்டிக் மெக்கார்த்தியின் வழியை எடுத்தது. எண்ணிக்கை எதையும் எங்கும் எழுதிவைக்காது. ஒவ்வொரு தடவையும் இருக்கிற ஸ்னாப்ஷாட்களிலிருந்து புதுசாகக் கணக்கிடும்.

மறப்பது வேறு, கத்தரிப்பது வேறு

ரெஸ்டிக்கில் அழிப்பது இரண்டு கட்டளைகள். `forget` என்பது ஸ்னாப்ஷாட் கோப்பை மட்டும் நீக்கும். அந்தக் கோப்பு சின்ன ஜேசான், "இந்த நேரத்தில், இந்த இயந்திரத்தில், மேல் அடைவு இந்த ஹாஷ்" என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அது போனதால் ஒரு துண்டுகூடக் கிடங்கை விட்டுப் போகாது. `prune` என்பதுதான் பெருக்கும் வேலை.

எப்படி நடக்கிறது என்று ஒரு சின்னக் கிடங்கை வைத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை ஒரு கோப்பு க, ங, ச, ஞ என்று நாலு துண்டாக வெட்டப்பட்டது. துண்டுகளைத் தனித்தனிக் கோப்பாக வைக்காமல் ரெஸ்டிக் பேக் என்ற பெரிய கோப்பில் சேர்த்து வைக்கும் (இப்போது வழக்கமான அளவு சுமார் 16 எம்பி). நாலும் பேக் 1ல் போகிறது. செவ்வாய்க்கிழமை கோப்பின் நடுவில் திருத்தினோம், ச போய் ட வந்தது. க, ங, ஞ ஏற்கெனவே இருப்பதால் ட மட்டும் பேக் 2ல் எழுதப்படுகிறது. எந்தத் துண்டு எந்தப் பேக்கில் என்று சொல்வது இன்டெக்ஸ் கோப்பு. அடைவுப் பட்டியல்களும் இதே மாதிரித் துண்டுகள்தான், எளிமைக்காக அவற்றை விட்டுவிடுகிறேன்.

இப்போது திங்கள் ஸ்னாப்ஷாட்டை மறந்தாயிற்று. `prune` ஓடுகிறது. முதலில் இன்டெக்ஸைப் படிக்கும். பிறகு மிச்சம் உள்ள எல்லா ஸ்னாப்ஷாட்களின் மரத்தையும் நடந்து, எட்டுகிற துண்டுகளுக்கு அடையாளம் போடும்: க, ங, ட, ஞ. அடையாளம் பெற்ற ஏதாவது ஒன்று இன்டெக்ஸில் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும், எதையும் தொடாது. ஏற்கெனவே உடைந்த கிடங்கில் அழிப்பு வேலை செய்யக்கூடாது என்பது முதல் பாதுகாப்பு.

எல்லாம் சரி என்றால், ச மட்டும் அநாதை என்று தெரியும். ஆனால் ச இருக்கிற பேக் 1ல் உயிருள்ள மூன்று துண்டும் இருக்கிறதே. பேக் கோப்பின் நடுவிலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுக்க முடியாது. அதனால் க, ங, ஞ மூன்றையும் பேக் 3 என்று புதுசாக எழுதும். அடுத்து, பேக் 2, பேக் 3 இரண்டையும் காட்டுகிற புது இன்டெக்ஸை எழுதும். பிறகு பழைய இன்டெக்ஸை நீக்கும். கடைசியில்தான் பேக் 1ஐ அழிக்கும்.

இந்த வரிசையை எந்த இடத்தில் வேண்டுமானாலும் அறுத்துப் பாருங்கள். பேக் 3 எழுதியவுடன் கரன்ட் போனால்? பழைய இன்டெக்ஸ் இன்னும் பேக் 1ஐத்தான் காட்டுகிறது, பேக் 1 இருக்கிறது, எல்லாம் படிக்கலாம். பேக் 3 யாருக்கும் தெரியாத குப்பை, அடுத்த `prune` அதைத் தூக்கிவிடும். புது இன்டெக்ஸ் வந்து பழையது போகும் முன்னால் அறுந்தால், க எங்கே என்று கேட்டால் இரண்டு விடை கிடைக்கும், இரண்டுமே உண்மை. பழைய இன்டெக்ஸ் போன பின் அறுந்தால் பேக் 1தான் குப்பை. எந்த இடத்தில் அறுந்தாலும் நஷ்டம் கொஞ்சம் இடம் மட்டுமே. பேக் 1ஐ முதலில் அழித்துவிட்டு இன்டெக்ஸை அப்புறம் மாற்றியிருந்தால், நடுவில் ஒரு நொடி இன்டெக்ஸ் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் கரன்ட் போனால் பேக்கப்பும் போச்சு.

பேக்கப் எடுக்கிற பக்கமும் இதே ஒழுங்குதான்: முதலில் பேக், அடுத்து இன்டெக்ஸ், கடைசியில் ஸ்னாப்ஷாட். பாதியில் நின்ற பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட்டே இருக்காது, அதனால் பொய்யான ஸ்னாப்ஷாட் உருவாகாது.

முன்பெல்லாம் `prune` ரொம்ப மெதுவாக இருந்தது. ஒவ்வொரு பேக்கின் தலைப்பையும் போய்ப் படிக்கும், ஒரே ஒரு துண்டு அநாதை என்றாலும் அந்தப் பேக்கை மறுபடி எழுதும். 2021 பிப்ரவரியில் வந்த 0.12.0 பதிப்பில் இதைத் திருத்தி எழுதினார்கள். இன்டெக்ஸை நம்பித் தொடங்குவது ஒரு மாற்றம். இன்னொன்று, கொஞ்சம் குப்பையைப் பொறுத்துக்கொள்வது. வழக்கமான அளவு 5 சதவீதம். கிடங்கில் அதற்கு மேல் வீண் இடம் இருந்தால்தான் பேக்குகளை மறுபடி எழுதும். நம்ம உதாரணத்தில் ச கிடங்கின் பெரும் பங்கு, அதனால் வேலை நடக்கும். 1 டிபி கிடங்கில் அந்த ஒரு துண்டு அப்படியே கிடக்கும். இறக்குவதற்குக் காசு வாங்குகிற மேகக் கிடங்கில் இது பெரிய விஷயம், ஏனென்றால் மறுபடி எழுதுவதென்றால் இறக்கி ஏற்ற வேண்டும்.

இருவர் ஒரே நேரத்தில் வந்தால்

கரன்ட் போவதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. திங்களை மறந்த பிறகு, ஒரு இயந்திரம் `prune` செய்துகொண்டிருக்கிறது. ச அநாதை என்று முடிவு செய்துவிட்டது. அதே நேரம் இன்னொரு இயந்திரத்தில் யாரோ பழைய கோப்பை மீட்டுக்கொண்டு வைத்திருக்கிறார், அங்கே பேக்கப் ஓடுகிறது. அது இன்டெக்ஸைப் பார்க்கிறது. "ச ஏற்கெனவே இருக்கே" என்று ஏற்றாமல் விடுகிறது. அடுத்த நிமிஷம் `prune` ச-வை அழிக்கிறது. பேக்கப் வெற்றி என்று சொல்லி முடிகிறது. ஸ்னாப்ஷாட் இருக்கிறது, ஆனால் உள்ளே ஓட்டை. இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை.

இதற்கு மூன்று விதத் தீர்வு பார்த்தேன். கிட் காலத்தை நம்புகிறது, அநாதையாகி இரண்டு வாரம் ஆகாததை வழக்கமாகத் தொடாது. டூப்ளிகசி இரண்டு கட்டமாகச் செய்கிறது, அநாதைத் துண்டுக்கு முதலில் பெயர் மாற்றி ஒதுக்கிவைத்து, எல்லா இயந்திரங்களும் ஒரு புதுப் பேக்கப் முடித்த பிறகு யாரும் கேட்காததை மட்டும் அழிக்கும். ரெஸ்டிக் பூட்டை நம்புகிறது. பேக்கப் எடுப்பவர்கள் எத்தனை பேரும் கூட்டாகப் பூட்டலாம். `prune` வருபவர் தனிப்பூட்டுதான் போட முடியும், வேறு எந்தப் பூட்டும் இருக்கக்கூடாது.

பூட்டு என்பதும் கிடங்கின் `locks` அடைவில் ஒரு கோப்புதான். ஓடுகிற செயல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். 30 நிமிடம் புதுப்பிக்கப்படாத பூட்டு செத்த பூட்டு. `restic unlock` செத்த பூட்டுகளை மட்டும் நீக்கும். அதனோடு `--remove-all` சேர்த்தால் உயிரோடு இருப்பதையும் நீக்கும். இணையத்தில் கிடைக்கிற பல ஸ்கிரிப்ட்களில் "தொல்லை வேண்டாம்" என்று முதல் வரியாகவே இதைப் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன ஓட்டைக்குக் கதவைத் திறந்துவைப்பது அந்த வரிதான்.

கிரானில் வைக்கும்போது

ஆளில்லாமல் ஓட்டுவதற்கு நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது. தினமும் இரவில்:

```
#!/bin/sh
restic backup /srv/aavanam || exit $?
restic forget --retry-lock 1h \
  --keep-daily 7 --keep-weekly 5 --keep-monthly 12
```

வாரத்துக்கு ஒருமுறை:

```
#!/bin/sh
restic check --retry-lock 2h --read-data-subset=5% || exit $?
restic prune --retry-lock 2h
```

முதல் ஸ்கிரிப்டில் பேக்கப் தோற்றால் மறப்பதும் நடக்காது. ரெஸ்டிக் சில கோப்புகளைப் படிக்க முடியாமல் ஸ்னாப்ஷாட் எடுத்தால் 3 என்ற குறியோடு முடியும், அப்போதும் `forget` ஓடாது. 0.17.0 பதிப்பிலிருந்து பூட்டுக் கிடைக்கவில்லை என்றால் 11. இந்த எண்கள் கண்ணுக்கு வருகிற மாதிரி மின்னஞ்சலுக்கோ பதிவுக்கோ அனுப்பிவிட வேண்டும்.

`--keep-daily 7` என்பதைப் பலர் "கடந்த ஏழு நாள்" என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்னாப்ஷாட் இருக்கிற கடைசி ஏழு நாட்கள், ஒவ்வொன்றிலும் கடைசியானது ஒன்று. மடிக்கணினி மூன்று மாதம் மூடிக்கிடந்தாலும் அந்த ஏழும் அப்படியே இருக்கும். இன்னொன்று, `forget` இயந்திரப் பெயர், பாதை இரண்டையும் வைத்துக் குழு பிரித்துத்தான் எண்ணும். டாக்கரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் இயந்திரப் பெயர் மாறிவிடும், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் தனிக் குழு ஆகிவிடும், எதுவுமே அழியாது. கிடங்கு வீங்கிக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பேக்கப் எடுக்கும்போதே `--host` கொடுத்தால் சரியாகிவிடும்.

மறப்பதையும் கத்தரிப்பதையும் பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. `prune` ஓடாத வரை துண்டுகள் கிடங்கில்தான் இருக்கின்றன. தவறான ஸ்னாப்ஷாட்டை மறந்துவிட்டோம் என்று தெரிந்தால் `restic recover` யாரும் காட்டாத மேல் அடைவுகளைத் தேடிச் சேர்த்து ஒரு புது ஸ்னாப்ஷாட்டாகக் கட்டித் தரும். `forget --prune` என்று ஒன்றாக ஓட்டினால் அந்த அவகாசம் கிடையாது.

இத்தனை பாதுகாப்பும் பிடிக்காத ஒரு தப்பு உண்டு. டிஸ்க் ஏறாமல் `/srv/aavanam` காலி அடைவாக இருந்தால் ரெஸ்டிக் அதைக் காலி அடைவாகவே நேர்மையாகப் பேக்கப் எடுக்கும். குறி 0. ஏழு நாளில் தினசரிகள் எல்லாம் காலி, ஐந்து வாரத்தில் வாராந்திரங்களும் காலி. மாதாந்திரம் பன்னிரண்டு வைத்திருப்பதால்தான் கண்டுபிடிக்க அவகாசம். `prune` இங்கே ஒன்றும் சொல்லாது, அதன் பார்வையில் எல்லாம் சரி. இதைக் காட்டுவது பேக்கப் முடிவில் வருகிற கோப்பு எண்ணிக்கைதான். நேற்று 40,000 கோப்பு, இன்று 0 என்றால் நிற்க வேண்டும்.

`prune` பேக்குகளின் உள்ளே எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பதும் இல்லை. டிஸ்கில் ஒரு பிட் கெட்டுப்போனால் அதற்குத் தெரியாது. வாராந்திர ஸ்கிரிப்டில் `check`க்கு `--read-data-subset=5%` கொடுத்திருப்பது அதற்காகத்தான். வெறும் `check` கட்டமைப்பை மட்டும் பார்க்கும், இது கிடங்கில் தற்செயலாக 5 சதவீதத்தை இறக்கி ஹாஷ் சரிபார்க்கும். அதோடு, கத்தரித்த மறுநாள் பட்டியலில் மிகப் பழைய மாதாந்திரத்திலிருந்து ஒரு கோப்பை மட்டும் `restic restore` கொண்டு வேறு அடைவில் எடுத்துத் திறந்து பார்ப்பேன். மிகப் பழையதை எடுப்பதற்குக் காரணம், அதன் துண்டுகள்தான் பேக்கிலிருந்து பேக்குக்கு அதிக தடவை இடம் மாறியிருக்கும். அது திறந்தால் போதும்.